அடியார் கதையை யாருக்கு எந்தத் தமிழில் சொல்வது? அப்பூதியடிகள் வரலாற்றை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கோயில் மண்டபத்திலோ திருமுறை வகுப்பிலோ முதன்முறையாகக் கதை சொல்ல வருபவர்கள், எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பதைக் கேட்பவரின் வயதை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். குழந்தைகள் என்றால் முழுக்கப் பேச்சு, பெரியவர்கள் என்றால் முழுக்க எழுத்து என்று பிரித்துக்கொண்டு மேடை ஏறுகிறார்கள். பாதிக் கதையில் இரண்டும் கலந்து குழம்பிவிடுகின்றன. ஒரே கதைக்குள் வெவ்வேறு வேலை செய்யும் வாக்கியங்கள் இருக்கின்றன என்பதும், அவை எல்லாவற்றுக்கும் ஒரே நடை பொருந்தாது என்பதும்தான் இதற்குக் காரணம். ஆகவே முதலில் வாக்கியங்களைப் பிரிக்க வேண்டும். வயது அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

எடுத்துக்காட்டாகப் பெரியபுராணத்தில் வரும் அப்பூதியடிகள் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். திங்களூரில் வாழ்ந்த அந்தணரான அவர், நேரில் பார்த்திராத, அப்பர் என்றும் அழைக்கப்படும் திருநாவுக்கரசரின் பெயரைத் தம் தண்ணீர்ப்பந்தலுக்கும் பிள்ளைகளுக்கும் சூட்டியிருக்கிறார். ஒருநாள் அப்பரே அங்கு வருகிறார். விருந்துக்கு வாழைக் குருத்து அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. அடியவரின் உணவு தடைப்படக் கூடாது என்று பெற்றோர் மகனின் உடலைப் பாயில் மூடி மறைக்கிறார்கள். அப்பர் உண்மையை அறிந்து பதிகம் பாட, பிள்ளை உயிர்பெற்று எழுகிறான். வியப்பு, கோபம், துயரம், தத்துவம் ஆகிய நான்கும் இந்தச் சிறிய கதைக்குள் இருப்பதால் நடையைப் பழக இது ஏற்றது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூலப்பாடல்களைப் பதம் பிரித்த பதிப்பு ஒன்று வேண்டும். உரைநடைச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வருபவர்கள், சுருக்கியவரின் நடையையே தம்மை அறியாமல் ஒப்பிக்கிறார்கள்; பேச்சுத் தமிழுக்கு மாற வேண்டிய இடத்தில் அவர்களுக்குச் சொல் கிடைப்பதில்லை.

அடுத்து, யார் வருவார்கள் என்பதை ஏற்பாட்டாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வயது மட்டும் போதாது. ஊரும் தேவை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கேட்பவர்களுக்கு ‘சொன்னாரு’ என்பது இயல்பாக இருக்கும். யாழ்ப்பாணத்தவர் நிறைந்த கூட்டத்தில் அவர்கள் வீட்டுப் பேச்சு ‘சொன்னவர்’ என்று இருப்பதால், அதே ‘சொன்னாரு’ திரைப்பட வசனம்போல ஒலிக்கும். வெளியூருக்குச் சென்று அந்த ஊர்ப் பேச்சைப் போலி செய்வதைவிட, எளிய எழுத்து நடையில் நிற்பது நல்லது. போலிப் பேச்சைக் குழந்தைகள்தாம் முதலில் கண்டுபிடித்துச் சிரிக்கிறார்கள்.

பெயர்களையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தக் கதையில் அடியவர், பந்தல், மூத்த மகன், இளைய மகன் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். இடையில் ‘வாகீசர்’, ‘ஆளுடைய அரசு’ என்றும் சேர்த்தால் குழந்தைகள் மட்டுமல்லாமல் பெரியவர்களும் தடம் மாறுவார்கள். அடியவரைக் கதை முழுவதும் ‘அப்பர்’ என்றே சொல்லிவிட்டு, அவருடைய இன்னொரு பெயர் திருநாவுக்கரசர் என்பதைப் பந்தல் காட்சிக்கு முன்பே சொல்லிவைப்பது பாதுகாப்பானது. அந்தப் பெயர் தெரியாவிட்டால், பந்தலில் தம் பெயரைப் பார்த்து அப்பர் வியக்கும் இடமே புரியாது.

2. வாக்கியங்களை நான்காகப் பிரித்தல்

கதையை ஒரு நோட்டில் முழுமையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மாறாத சொற்கள், கதையை நகர்த்துபவை, பாத்திரங்கள் பேசுபவை, கருத்தை விளக்குபவை என்ற நான்கு வகை போதும்.

மாறாத சொற்கள் என்பவை பாடல் அடிகளும், பாட்டிலிருந்து அப்படியே எடுத்துச் சொல்ல வேண்டிய சில தொடர்களும் ஆகும். இவற்றை எந்த வயதினருக்கும் மூல வடிவிலேயே சொல்ல வேண்டும். ‘ஒன்றுகொலாம்’ என்று தொடங்கும் பதிகத்தைப் பேச்சில் உருமாற்ற யாரும் முயல்வதில்லை. ஆனால் மூத்த மகன் எங்கே என்று அப்பர் கேட்கும்போது அப்பூதியடிகள் சொல்லும் ‘இப்போது இங்கவன் உதவான்’ என்ற விடையைப் பலர் கவனமின்றி மாற்றிவிடுகிறார்கள்.

அந்த விடையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மகன் இறந்ததை அவர் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. ‘அவன் வெளியே போயிருக்கான்’ என்று மாற்றினால் அடியாரைப் பொய்யராக்கிவிடுகிறோம். ‘அவன் வரமாட்டான்’ என்றால் மறைப்பு வெளிப்பட்டுவிடுகிறது. ‘உதவான்’ என்ற ஒரு சொல்லில்தான் இரண்டுக்கும் நடுவே அவர் நிற்கிறார். ஆகவே அடியை அப்படியே சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பிறகு ‘இப்ப அவன் நமக்கு உதவ மாட்டான், அவ்வளவுதான் சொன்னாரு’ என்று பேச்சில் விரித்துக்கொள்ளலாம். மாறாத சொற்களைத் தேடும்போது, மாற்றினால் பொருளோ பாத்திரத்தின் குணமோ கெடுமா என்று கேட்டுக்கொள்வதே உரைகல்.

மற்ற மூன்று வகைகளில்தான் கேட்பவரின் வயது வேலை செய்யத் தொடங்குகிறது.

3. வினைமுடிவுகளை முதலில் நிலைப்படுத்துதல்

எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்பவரின் காது வினைமுடிவில்தான் பிடிக்கிறது. ‘சென்றார்’ எழுத்து, ‘போனாரு’ பேச்சு. புதியவர்களின் வாயில் வருவது ‘சென்றாரு’, ‘அருளினாங்க’, ‘கூறிட்டாரு’ என்ற ஒட்டுவடிவம். எழுத்துச் சொல்லுக்குப் பேச்சு வால் வைத்த இந்த வடிவங்கள் வீட்டிலும் இல்லை, நூலிலும் இல்லை. அதனால் குழந்தைகள், நடுவயதினர், முதியவர்கள் என எல்லா வயதினருக்கும் உறுத்துகின்றன. ‘சென்றார்’ என்ற சொல்லை எடுத்தால் முடிவையும் எழுத்தில் வையுங்கள். பேச்சு முடிவுதான் வேண்டுமென்றால் சொல்லையே ‘போனாரு’ என்று மாற்றுங்கள்.

இதிலிருந்து பிறக்கும் விதி, நடையை மாற்றுவதானால் வாக்கிய எல்லையில் மாற்ற வேண்டும் என்பது. ஒரு வாக்கியம் முழுவதும் எழுத்தில் இருந்து அடுத்த வாக்கியம் முழுவதும் பேச்சில் இருந்தால் யாருக்கும் குறையாகத் தெரியாது. ஒரே விலக்கு, பாத்திரத்தின் பேச்சை மேற்கோளாகச் சொல்லும் இடம்: கதைசொல்லி எழுத்திலும் பாத்திரம் பேச்சிலும் இருக்கலாம். அப்போது ‘என்று கேட்டார்’ என்ற பகுதியை ‘ன்னு கேட்டார்’ என்று விழுங்காமல் முழுமையாகச் சொன்னால், எங்கே பாத்திரம் முடிந்தது என்பது தெளிவாகும்.

மரியாதை குறித்த ஓர் ஐயம் அடிக்கடி எழுகிறது. பேச்சுத் தமிழில் சொன்னால் அடியாரின் மதிப்பு குறையும் என்று சிலர் தயங்குகிறார்கள். மரியாதையைத் தாங்குவது நடை அன்று; ஆர், ஆரு, ஆங்க என்னும் விகுதிகளே. ‘அப்பர் வந்தாரு’ என்பதில் மதிப்பு முழுமையாக இருக்கிறது. ‘அப்பர் வர்றான்’ என்று யாரும் சொல்லப்போவதில்லை. விகுதியில் தடுமாறுவது பெரும்பாலும் பெண் பாத்திரத்தில்தான்: அப்பூதியடிகளின் மனைவியாரைக் கதை நடுவில் ‘அவ’ என்று சொல்லிவிடுகிறார்கள். ‘அம்மா’, ‘அவங்க’ என்று முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

4. குழந்தைகளுக்கு

கதை நகர்வும் உரையாடலும் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். பள்ளிக்கு வந்து ஓரிரண்டு ஆண்டே ஆன பிள்ளைக்கு ‘அரிந்து வருமாறு பணித்தார்’ என்ற தொடரில் மூன்று தடைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் தாண்டுவதற்குள் பாம்பு கடித்து முடித்துவிடும். வாழைக் குருத்துக் காட்சியை இப்படிச் சொல்லலாம்:

“அம்மா, ‘தோட்டத்துக்குப் போயி நல்ல குருத்து இலையா ஒண்ணு அறுத்துட்டு வாப்பா’ன்னு சொன்னாங்க. பெரிய பையன் ஓடினான். இலையை அறுக்கும்போது ஒரு பாம்பு அவன் கையில கடிச்சிருச்சு. அவன் அழல. ‘அப்பர் சாப்பிட நேரமாயிடுமே’ன்னு இலையை எடுத்துக்கிட்டு ஓடியே வந்தான். அம்மா கையில குடுத்தான். குடுத்துட்டுக் கீழ விழுந்துட்டான்.”

இங்கே மேற்கோளுக்குப் பின் ‘ன்னு’ வந்திருப்பதைக் கவனியுங்கள். கதைசொல்லியும் பேச்சிலேயே இருப்பதால் அது பொருந்துகிறது.

அடுத்த வாக்கியம்தான் கடினம். ‘செத்துப்போயிட்டான்’ என்று சொன்னால், அதே சொல்லை வீட்டில் கேட்டிருக்கும் பிள்ளைக்குக் கதை மிக அருகில் வந்துவிடும். சில பிள்ளைகள் அதற்குப் பிறகு எதையும் கேட்பதில்லை. ‘உயிர் நீத்தான்’ என்றால் பெரும்பாலோருக்குப் புரிவதில்லை. பதிகத்தில் பிள்ளை எழும்போது எதிலிருந்து எழுந்தான் என்றே தெரியாமல் போகிறது. ‘அவன் அசையவே இல்லை. அவன் உடம்பில் உயிர் இல்லை’ என்று பேச்சின் வேகத்தைக் குறைத்து, எழுத்து நடையின் முழு ஒலியோடு சொன்னால், பொருளும் புரியும், சற்றுத் தொலைவும் கிடைக்கும்.

ஒன்பது, பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் பாடநூல் நடையில் பழகியிருப்பார்கள். அவர்களுக்குக் கதை நகர்வை எளிய எழுத்து நடைக்கு மாற்றி, உரையாடலை மட்டும் பேச்சில் வைக்கலாம். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. வீட்டுப் பேச்சு மட்டுமே தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் இன்னொரு மொழிபோல ஒலிக்கும். அங்கே வயதைக் கேட்காமல், தமிழ் வாசிப்பார்களா என்று கேளுங்கள்.

விளக்க வாக்கியங்களைக் குழந்தைகளுக்குக் கூடியவரை விட்டுவிடுங்கள். இறந்த மகனை ஏன் மறைத்தார்கள் என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். ‘அப்பருக்குத் தெரிஞ்சா சாப்பிடாமப் போயிடுவாரேன்னு நினைச்சாங்க’ என்ற விடை போதும்.

சரியாகச் சொன்னோமா என்று அறிய, முடிவில் ஒரு பிள்ளையைக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தன் சொற்களில் சொன்னால் புரிந்திருக்கிறது. ‘அமுது செய்தார்’ என்ற உங்கள் தொடரை அப்படியே ஒப்பித்தால், அந்த இடம் மட்டும் உள்ளே போகவில்லை என்று பொருள். அடுத்த முறை ‘சாப்பிட்டாரு’ என்று தொடங்கி, ‘அதைத்தான் அமுது செய்தார்னு சொல்லுவோம்’ என்று ஒருமுறை சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. நடுவயதினருக்கு

இவர்கள் எழுத்துத் தமிழைப் படித்தவர்கள், நாள் முழுவதும் பேச்சில் வாழ்பவர்கள். முழுப் பேச்சில் சொன்னால் அரட்டையாகத் தோன்றும். முழு எழுத்தில் சொன்னால் செய்தி வாசிப்பாகிவிடும். மேடைத் தமிழ் என்று நாம் பழகியிருக்கும் இடைநடை இவர்களுக்கானது: சொற்கள் பெரும்பாலும் எழுத்திலிருந்து வரும், வாக்கியங்கள் குறுகும், கதை ‘அனுப்பினார்’ என்ற இறந்தகாலத்திலிருந்து ‘அனுப்புகிறார்’ என்ற நிகழ்காலத்துக்குத் தாவும், ‘வந்தாரு’ என்ற நீட்சி ‘வந்தார்’ என்று முடியும்.

“விருந்துக்கு வாழைக் குருத்து வேண்டும். தாய் மூத்த மகனை அனுப்புகிறார். தோட்டத்தில் பாம்பு தீண்டுகிறது. சொன்னால் அடியவரின் உணவு தடைப்படும். அதனால் யாரிடமும் சொல்லாமல் இலையோடு ஓடி வருகிறான். தாயின் கையில் கொடுக்கிறான், விழுகிறான்.”

இவர்களிடம் நேரம் செலவழிக்க வேண்டியது விளக்கத்தில். பெற்ற பிள்ளையைவிட விருந்து பெரிதா என்ற கேள்வி அவர்கள் மனத்தில் நிச்சயம் எழும்; நீங்கள் எழுப்பாவிட்டால், அதையே நினைத்துக்கொண்டு மீதிக் கதையைக் கேட்பார்கள். கேள்வியைப் பேச்சில் வையுங்கள்: ‘நம்ம வீட்டுல இப்படி நடந்தா என்ன செய்வோம்?’ விடையை எழுத்தில் தாருங்கள். கேள்வி கேட்பவரின் வீட்டுக்குள்ளிருந்து வர வேண்டும். விடை நிதானமாக, காரணம் விட்டுப்போகாமல் வர வேண்டும் என்பதே இந்தப் பிரிவினையின் காரணம். விடையையும் பேச்சில் சொன்னால் ‘அதெல்லாம் அப்படித்தான்’ என்ற தோரணை தானாக ஒட்டிக்கொள்கிறது.

உரையாடலில் ஒரு பொறி இருக்கிறது. அப்பூதியடிகள் அந்தணர் என்பதால் அவருக்கு அக்கிரகாரத்துப் பேச்சைக் கொடுத்துச் சிலர் கைதட்டல் வாங்குகிறார்கள். அப்பர் வேளாளர் குலத்தில் பிறந்தவர். அவரை ஓர் அந்தணர் பார்க்காமலேயே போற்றியதுதான் கதையின் உயிர். பேச்சில் சாதி அடையாளத்தைப் பூசிய கணமே கூட்டம் சிரிப்புக்குத் தயாராகிறது. அடுத்து வரும் சாவுக் காட்சியில் அந்தச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. இருவருக்கும் எந்த வட்டாரமும் எந்தச் சாதியும் தெரியாத பொதுப் பேச்சையே கொடுங்கள்.

தாம் யார் என்று அப்பர் சொல்லும் இடத்தை இடைநடையிலும் தாழ்த்தக் கூடாது. சூலை நோயால் இறைவன் ஆட்கொள்ள உய்ந்த, ‘தெருளும் உணர்வு இல்லாத சிறுமையேன் யான்’ என்பது அவர் விடை. அதற்கு முன், ‘உம் பெயரை விட்டு வேறொருவர் பெயரை ஏன் பந்தலுக்கு வைத்தீர்?’ என்று கேட்டு அப்பூதியடிகளின் கோபத்தைக் கிளறியவர் அவர். இப்போது ‘நான்தான் அந்த அப்பர்’ என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பேச்சில் மாற்றினால் அந்த வாக்கியம்தான் கிடைக்கும், பணிவு போய்விடும்.

6. முதியவர்களுக்கு

முதியவர்களுக்குக் கடினத் தமிழ் வேண்டும் என்பது தவறான கணிப்பு. அவர்களுக்கு வேண்டியது முழுத் தமிழ். காது மங்கியவர்களுக்குப் பேச்சுத் தமிழ்தான் சிரமம்: ‘வந்துட்டிருந்தாரு’ என்பதில் அசைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, ‘வந்துகொண்டிருந்தார்’ என்பதில் ஒவ்வோர் அசையும் தனியே நிற்கிறது. எழுத்து நடையின் நிறுத்தங்களும் ஒலிபெருக்கியின் எதிரொலியைத் தாங்குகின்றன. கருங்கல் மண்டபத்தில் வேகமான பேச்சு நடை பின்வரிசைக்கு வெறும் ஓசையாகவே சேரும்.

“அமுது படைக்க வாழைக் குருத்து அரிந்து வருமாறு தாயார் சொன்னார். மூத்த திருநாவுக்கரசு விரைந்து சென்றான். குருத்தை அரியும்போது, அவன் உள்ளங்கையில் பாம்பு தீண்டியது. அதைச் சொல்லாமல், இலையைத் தாயார் கையில் கொடுத்துவிட்டுச் சாய்ந்தான்.”

‘பணித்தார்’ என்று போடாமல் ‘சொன்னார்’ என்று நிறுத்தியிருக்கிறேன். பள்ளிக்கூடம் போகாமல் கேள்வியறிவால் இந்தக் கதைகளை அறிந்த முதியவர்கள் ஏராளம். ‘அமுது’, ‘திருநீறு’, ‘ஆணவம்’ போன்ற சொற்கள் அவர்களுக்குப் பழக்கம். பத்திரிகைத் தமிழின் ‘மேற்கொண்டார்’, ‘நிகழ்த்தினார்’ போன்றவைதாம் அந்நியமானவை.

பாடல் அடியின் முதற்சொற்களைச் சொல்லிச் சற்று நிறுத்துங்கள். தெரிந்தவர்கள் மீதியைத் தாமே சொல்வார்கள். நடை சரியாக அமைந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் ‘என்ன சொன்னாரு?’ என்று கேட்பது கண்ணில் பட்டால் குரலை உயர்த்தாதீர்கள்; வாக்கியத்தைக் குறுக்கி, முடிவை முழுதாக உச்சரியுங்கள்.

7. மூவரும் ஒரே மண்டபத்தில் இருந்தால்

சித்திரைச் சதயத்தில் நடக்கும் அப்பர் குருபூசைக்குப் பிள்ளைகள் முன்வரிசையில், முதியவர்கள் சுவரோரம், மற்றவர்கள் இடையில் என்று எல்லோரும் வருவார்கள். மூன்று நடையையும் சம பங்காகக் கலந்தால் யாருக்கும் சேராது. இடைநடையை அடித்தளமாக வைத்துக்கொண்டு, காட்சி காட்சியாக ஒருவருக்கு விட்டுக்கொடுங்கள்.

பந்தலில் அப்பர் தம் பெயரைப் பார்ப்பதையும் இருவரும் பேசிக்கொள்வதையும் பேச்சில் சொல்லிக் குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளலாம். சாவையும் மறைப்பையும் நிதான எழுத்து நடையில் சொன்னால் மூவருக்கும் பொருந்தும். பதிகம் முதியவர்களுடையது, அங்கே ஓதுவார் இருந்தால் நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். விளக்கத்தைப் பதிகத்துக்குப் பின் வைக்காதீர்கள். பிள்ளை எழுந்த பிறகு குழந்தைகளுக்குக் கதை முடிந்துவிட்டது. எழுந்து ஓடத் தொடங்குவார்கள். நடுவயதினருக்கான கேள்வியையும் விடையையும் உடலை மறைத்த இடத்திலேயே முடித்துவிட வேண்டும்.

8. ஒத்திகை

எழுதியதைப் பார்த்துப் படிக்காமல் கைப்பேசியில் பதிவுசெய்து, ஒருநாள் கழித்துக் கேளுங்கள். உடனே கேட்டால் நீங்கள் சொல்ல நினைத்ததே காதில் விழும். மூன்றைத் தேடுங்கள்: ஒட்டுவடிவ வினைகள், வாக்கிய நடுவில் நடை மாறிய இடங்கள், மாறாத தொடர்களில் நீங்கள் கைவைத்த இடங்கள். பதற்றத்தில் எல்லோரும் வழுக்குவது பள்ளிப் பேச்சுப் போட்டி நடையை நோக்கித்தான்; ஒரு காட்சியின் தொடக்கத்தில் ‘அப்பொழுது’, ‘ஆகையினால்’ என்று வரத் தொடங்கினால் அங்கே வழுக்கியிருக்கிறீர்கள். அந்தக் காட்சியின் முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் வாக்கியம் சரியான நடையில் விழுந்தால் அடுத்தவை பெரும்பாலும் அதையே பின்தொடரும்.